அண்டசெல் படத்தில் n-ஆ 2n-ஆ? ஆன்டிபாடி படத்தில் எந்த அம்பு விட்டுப்போச்சு?

திருமங்கலம்_பிளஸ்டூ

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு விலங்கியல் பேப்பர் நேத்துதான் கைக்கு வந்துச்சு. ரெண்டு 5 மார்க் கேள்வியில படம் போடச் சொல்லியிருந்தாங்க. ஒண்ணு அண்டசெல் உருவாகுற நிலைகள். இன்னொண்ணு கிருமி உள்ளே வந்ததுல இருந்து ஆன்டிபாடி உண்டாகிற வரைக்கும். முதல் படத்துக்கு 2, அடுத்ததுக்கு 3. எங்க மிஸ் பிரசவ லீவுல போயிட்டாங்க, திருத்தினது வேற யாரோ. சிவப்பு மையில வட்டம் மட்டும் இருக்கு, ஏன்னு ஒரு வார்த்தை இல்ல.

முதல் படம் நான் போட்டது இது:

```
அண்ட முன்னோடி செல் (2n)
   ↓ மைட்டாசிஸ், வளர்ச்சி
முதல்நிலை அண்டசெல் (2n)
   ↓ மியாசிஸ் 1
இரண்டாம்நிலை அண்டசெல் (2n) + துருவ உடல்
   ↓ மியாசிஸ் 2
அண்டம் (n) + துருவ உடல்
   ↓ அண்டம் விடுபடுதல்
கருவுறுதல்
```

வட்டம் விழுந்தது ரெண்டு இடத்துல. இரண்டாம்நிலைக்குப் பக்கத்துல இருக்கிற 2n. அப்புறம் "அண்டம் விடுபடுதல்" வரி. ரெண்டாவது படத்தைக் கீழே தனியா போடுறேன், முதல்ல இதைச் சொல்லுங்க. திருப்புதல் தேர்வுல இதே படத்தைத்தான் திரும்பக் கேப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.

உசிலை_டியூஷன்

தங்கச்சி, 2n-க்கு வட்டம் போட்டது திருத்தினவரோட தப்பு. மறுகூட்டல் கேளு. மியாசிஸ்னா ரெண்டு பிரிவு. ரெண்டும் முடிஞ்சாத்தான் பாதியாகும். முதல் பிரிவு முடிஞ்ச செல்லுக்குள்ள 46 இழை அப்படியே இருக்கு, எண்ணிப் பாரு. 46 இருந்தா 2n தானே? பதினோரு வருசமா பசங்களுக்கு இப்படித்தான் எழுதிப் போடுறேன்.

ரெண்டாவது வட்டம் எனக்கும் புரியல. அண்டம் வெளியே வந்தாத்தானே கருவுறும்?

ஓய்வு_விலங்கியல்

உசிலைத் தம்பி சொன்னதில் 46 என்ற எண்ணிக்கை சரி. அதிலிருந்து 2n என்று முடிவுக்கு வந்ததுதான் சறுக்கல். நான் மேலூர்ப் பக்கம் 31 ஆண்டு கரும்பலகையில் இந்தப் படத்தைப் போட்டவன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் விழுவார்கள்.

46 குரோமோசோமையும் வைத்துக்கொண்டு யோசித்தால் தலை சுற்றும். ஒரே ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்ளம்மா. அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமுக்குச் சிவப்புப் பேனா, அப்பாவிடமிருந்து வந்ததற்கு நீலப் பேனா. செல் பிரியத் தொடங்கும் முன்பே இரண்டும் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும். அதனால் முதல்நிலை அண்டசெல்லில் நீ வரைய வேண்டியது சிவப்பில் ஒரு X, நீலத்தில் ஒரு X. ஒவ்வொரு X-லும் இரண்டு இழைகள், நடுவில் ஒரே முடிச்சு.

இப்போது மியாசிஸ் 1. சிவப்பு X ஒரு பக்கம், நீல X மறுபக்கம். எது எந்தப் பக்கம் போகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இரண்டாம்நிலை அண்டசெல்லுக்குச் சிவப்பு X கிடைத்தது என்று வைப்போம். அதற்குள் அதன் ஜோடி இருக்கிறதா? இல்லை, துருவ உடலோடு போய்விட்டது. ஜோடி இல்லையென்றால் அது n. சிவப்பு X-ல் இன்னும் இரண்டு இழை இருக்கலாம், ஆனால் முடிச்சு ஒன்றுதான். குரோமோசோமை எண்ணுவது முடிச்சை வைத்து. இழையை வைத்து எண்ணக் கூடாது.

முழு எண்ணிக்கைக்குப் போனால், முதல்நிலையில் 46 முடிச்சு, 92 இழை. இரண்டாம்நிலையில் 23 முடிச்சு, 46 இழை. உசிலைத் தம்பி பார்த்த 46 இதுதான். மியாசிஸ் 2 முடிந்த பிறகு 23 முடிச்சு, 23 இழை. 2n-லிருந்து n-க்கு இறங்குவது முதல் பிரிவில் மட்டுமே. இரண்டாவது பிரிவில் முடிச்சு அவிழ்ந்து இழைகள் பிரிகின்றன, அவ்வளவுதான்.

(சிவப்பும் நீலமும் நடுவில் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால் X-ன் ஒரு கை கொஞ்சம் கலர் மாறியிருக்கும். பரீட்சைப் படத்துக்கு அது தேவையில்லை.)

நீட்_ரிப்பீட்டர்_ஆரப்பாளையம்

ஐயா சொன்ன முடிச்சு மேட்டர் செம. இதே கான்செப்ட்தான் விந்துசெல் படத்துலயும். முதல்நிலை விந்துசெல் 2n, இரண்டாம்நிலை n, ஸ்பெர்மாட்டிட் n. கடைசி ஸ்டெப் ஸ்பெர்மாட்டிட்ல இருந்து விந்தணு. அது பிரிவே கிடையாது, வால் முளைச்சு உருவம் மாறுறது மட்டும்தான். அங்க "மியாசிஸ்"னு எழுதி நான் ஒரு மாடல் டெஸ்ட்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

உசிலை_டியூஷன்

ஐயா, முடிச்சு கணக்கு ஒத்துக்கிறேன். ராத்திரி பழைய நோட்ஸை எடுத்துப் பாத்தேன். படத்துல n-னு சரியாத்தான் அச்சாகியிருக்கு, நான்தான் மேல பேனாவால அடிச்சு 2n ஆக்கி வச்சிருக்கேன். எந்த வருசம் பண்ணேன்னே ஞாபகம் இல்ல. ஆனா அப்ப மியாசிஸ் 2 எதுக்கு? முதல் பிரிவுலயே n ஆயிருச்சுன்னா அங்கேயே நிறுத்திரலாமே. பசங்க கேட்டா என்ன சொல்றது?

ஓய்வு_விலங்கியல்

நல்ல கேள்வி. அங்கேயே நிறுத்தினால் அந்தச் செல்லில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு இழையோடு நிற்கும். விந்தணு கொண்டுவருவதோ ஒற்றை இழை. இரண்டும் சேர்ந்தால் அம்மா பக்கம் இரண்டு மடங்கு, அப்பா பக்கம் ஒரு மடங்கு என்று சரக்கு கோணலாகிவிடும். அதைச் சமன்செய்யத்தான் இரண்டாவது பிரிவு. ஆனால் மனித முட்டை அந்த வேலையைச் சும்மா செய்துவைப்பதில்லை. விந்தணு வந்து கதவைத் தட்டினால்தான் செய்யும். இரண்டாவது வட்டத்துக்குக் காரணமே இதுதான்.

அண்டசெல் படத்தில் அம்புகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் அது பொய்ப் படம். நடக்கும் காலத்தைச் சேர்த்துச் சொல்கிறேன், கேள்.

பெண் குழந்தை அம்மா வயிற்றில் இருக்கும்போதே முன்னோடி செல்கள் பெருகி, முதல்நிலை அண்டசெல்லாகி, மியாசிஸ் 1-ஐத் தொடங்கிவிடும். தொடங்கின உடனே, முதல் கட்டமான புரோபேஸில் நின்றுவிடும். இது முதல் நிறுத்தம். குழந்தை பிறக்கும்போது இரண்டு சூலகத்திலும் சேர்த்து ஏறக்குறைய 10 முதல் 20 லட்சம் செல்கள் இந்த நிலையில் காத்திருக்கும். புதிதாக ஒன்றும் சேராது, குறைந்துகொண்டேதான் வரும்.

வயதுக்கு வந்த பிறகு மாதாமாதம் சில செல்கள் கண் விழிக்கும். எல்.எச். ஹார்மோன் திடீரென உயரும்போது அவற்றில் ஒன்று மியாசிஸ் 1-ஐ முடிக்கும். முதல் துருவ உடல் வெளியேறும், இரண்டாம்நிலை அண்டசெல் பிறக்கும். அது மியாசிஸ் 2-க்குள் நுழைந்து மெட்டாபேஸில் மறுபடியும் நின்றுவிடும். இது இரண்டாவது நிறுத்தம். சூலகத்திலிருந்து வெளியே வருவது இந்த நிலையில்தான். ஆக, வெளியே வருவது இரண்டாம்நிலை அண்டசெல். "அண்டம்" என்று நாம் வாய்வழக்கில் சொல்கிறோம், படத்தில் அப்படி எழுதக் கூடாது.

விந்தணு உள்ளே நுழைந்த பிறகே மியாசிஸ் 2 முடியும், இரண்டாம் துருவ உடல் வெளியேறும். விந்தணு வரவில்லை என்றால் மியாசிஸ் 2 முடியாமலே அந்தச் செல் அழிந்துபோகும்.

ஒரு 35 வயதுப் பெண்ணிடமிருந்து இந்த மாதம் வெளிவரும் செல் முதல் நிறுத்தத்தில் 35 ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது. வயது கூடக்கூடக் குரோமோசோம் பிரிவதில் பிழை ஏன் அதிகமாகிறது என்று கேட்டால் இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

இப்படி வரை:

```
முன்னோடி செல் (2n)
   ↓ மைட்டாசிஸ்
முதல்நிலை அண்டசெல் (2n)
   ║ நிறுத்தம் 1: புரோபேஸ் 1
- - - - பிறப்பு - - - -
   ║ காத்திருப்பு
- - - - பருவமடைதல் - - - -
   ↓ மியாசிஸ் 1 முடிகிறது → முதல் துருவ உடல் (n)
இரண்டாம்நிலை அண்டசெல் (n)
   ║ நிறுத்தம் 2: மெட்டாபேஸ் 2
- - - - அண்டம் விடுபடுதல் - - - -
   ↓ விந்தணு நுழைகிறது, மியாசிஸ் 2 முடிகிறது
   → இரண்டாம் துருவ உடல் (n)
அண்டம் (n) + விந்தணு (n) = கருமுட்டை (2n)
```

குறுக்கே போகும் மூன்று விட்ட கோடுகளை அளவுகோல் வைத்துப் போடு. துருவ உடலை மிளகு அளவுக்கு வரை, அண்டசெல்லை எலுமிச்சை அளவுக்கு வரை. இரண்டையும் ஒரே அளவில் போட்டால் விந்துசெல் படத்தைக் காப்பி அடித்த மாதிரி இருக்கும். சைட்டோபிளாசம் முழுவதும் ஒரே செல்லுக்குப் போவதுதான் இந்தப் படத்தின் சாரமே.

நீட்_ரிப்பீட்டர்_ஆரப்பாளையம்

இதுல இருந்து எம்.சி.க்யூ. ஒண்ணு கண்டிப்பா வரும். 50 முதல்நிலை விந்துசெல், 50 முதல்நிலை அண்டசெல். எத்தனை விந்தணு, எத்தனை அண்டம்? 200, 50. துருவ உடலை அண்டம் கணக்குல சேர்த்து 200, 200-னு போட்டவங்க என் பேட்ச்ல நிறைய.

திருமங்கலம்_பிளஸ்டூ

ஐயா ரொம்ப நன்றி. "பிறப்பு"ன்னு கோடு போட்டதும்தான் புரிஞ்சுச்சு. நான் இது எல்லாமே ஒரே மாசத்துக்குள்ள நடக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஒரு சந்தேகம். முதல் துருவ உடலும் ரெண்டாப் பிரியும்னு என் ஃப்ரெண்டு நோட்ல இருக்கு. அப்ப மொத்தம் 3 துருவ உடல். ஐயா படத்துல 2 தான் இருக்கு?

இது நான் போட்ட ரெண்டாவது படம். இதுல வட்டம் இல்ல, ஓரத்துல கேள்விக்குறி மட்டும்தான்:

```
கிருமி (ஆன்டிஜென்)
   ↓
மேக்ரோஃபேஜ்
   ↓
உதவி டி செல்
   ↓
பி செல்
   ↓
ஆன்டிபாடி
```

செல்லூர்_அம்மா

தம்பிங்களா, ஆன்டிபாடின்னு பாத்துட்டு வந்தேன். எம்மக இப்ப ஏழாவது மாசம். அவளுக்கு பி நெகட்டிவ். போன செக்கப்புல டாக்டரம்மா ஆன்டிபாடி ஊசி ஒண்ணு போடணும்னு சீட்டு எழுதிக் குடுத்துருக்காங்க. 28 வாரத்துல ஒண்ணு, பிள்ள பொறந்த பிறகு தேவைப்பட்டா இன்னொண்ணு. வெலையும் கொஞ்சம் கூடத்தான். ஆன்டிபாடிங்கிறது கிருமிய அழிக்கிறதுன்னு நீங்க போட்டுருக்கீங்க. எம்மகளுக்குக் கிருமி ஒண்ணும் இல்லையே? வயித்துப் பிள்ளைய அது ஏதும் பண்ணிருமா?

நீட்_ரிப்பீட்டர்_ஆரப்பாளையம்

அம்மா இது பரீட்சை இழை. மருத்துவப் பகுதியில கேளுங்க ப்ளீஸ்.

ரத்தவங்கி_அக்கா

தம்பி, அந்தம்மாவ விரட்டாத. அவங்க கேள்விக்கும் அந்தப் பாப்பா படத்துல விட்டுப்போன அம்புக்கும் சம்பந்தம் இருக்கு. நான் மதுரையில ஒரு ரத்த வங்கியில டெக்னீஷியன். குரூப் பாக்குறதும் கூம்ஸ் டெஸ்ட் போடுறதும்தான் எனக்கு அன்றாட வேலை.

முதல்ல படம். பாப்பா, நீ போட்டது ரிலே ரேஸ் மாதிரி ஒருத்தர் கையில இருந்து அடுத்தவர் கைக்குப் போகுது. நெசத்துல ரெண்டு பாதை தனித்தனியா வந்து பி செல்லுல சந்திக்குது. ஒரு பாதை நீ போட்டது. மேக்ரோஃபேஜ் மாதிரி ஒரு செல் ஆன்டிஜென முழுங்கி, துண்டாக்கி, தன் மேல்தோல்ல எடுத்துக் காட்டும். அதப் பாத்து உதவி டி செல் தூண்டப்படும். இன்னொரு பாதை நீ விட்டது. ஆன்டிஜென் நேரா பி செல்லோட ஏற்பியில வந்து ஒட்டணும். உடம்புல எக்கச்சக்கமான பி செல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஏற்பி வேற. எதுல பொருந்துதோ அந்த பி செல்லுக்கு மட்டும்தான் டி செல்லோட இன்டர்லூகின் உதவி போய்ச் சேரும். இந்த அம்பு இல்லேன்னா எந்த பி செல் பெருகணும்னு எப்படித் தெரியும்? கேள்விக்குறி அதுக்குத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

அடுத்தது, பி செல்லுக்குக் கீழே நேரா ஆன்டிபாடின்னு போட்டுட்ட. நடுவுல அது பெருகி ரெண்டு வகையாப் பிரியும். ஒரு கூட்டம் பிளாஸ்மா செல், ஆன்டிபாடி சுரக்கிறது இதுதான். இன்னொரு கூட்டம் நினைவு செல், இது இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாது, வருசக்கணக்கா உக்காந்திருக்கும். இந்தக் கிளைய விட்டா ரெண்டு மார்க் போகும்.

```
          ஆன்டிஜென்
        ↙          ↘
 மேக்ரோஃபேஜ்     பொருந்தும் பி செல்
       ↓               │
 உதவி டி செல் ──────→  │ (இன்டர்லூகின்)
                       ↓
                 பி செல் பெருக்கம்
                  ↙          ↘
         பிளாஸ்மா செல்     நினைவு செல்
               ↓               ↓
          ஆன்டிபாடி    அடுத்த முறை வேகமாக
```

இப்ப செல்லூர் அம்மா. உங்க மக ஆர்.எச். நெகட்டிவ். பிள்ள பாசிட்டிவா இருந்தா அதோட சிவப்பணு மேல டி-ன்னு ஒரு ஆன்டிஜென் இருக்கும், அம்மாகிட்ட அது கிடையாது. கிருமியா இருந்தாத்தான் ஆன்டிஜென்னு இல்லம்மா. உடம்புக்குப் பழக்கமில்லாத எதுவும் ஆன்டிஜென்தான். நஞ்சுக்கொடி பிரியும்போது பிள்ளையோட ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும். அப்ப அந்தப் படத்துல இருக்கிற வேலையெல்லாம் அம்மா உடம்புல ஆரம்பிக்கும்.

முதல் தடவை அது மெதுவாத்தான் நடக்கும். மொத மொத வர்ற ஆன்டிபாடி ஐ.ஜி.எம். வகை. அது பெருசு, நஞ்சுக்கொடியத் தாண்டாது. அதுக்குள்ள பிள்ளையும் பொறந்துருக்கும். அதனாலதான் மொதப் பிள்ளை பெரும்பாலும் தப்பிச்சுரும். ஆனா நினைவு செல் தங்கிரும். அடுத்த கர்ப்பத்துல மறுபடி பாசிட்டிவ் பிள்ளைன்னா கொஞ்சூண்டு ரத்தம் கலந்தாலே போதும், ஐ.ஜி.ஜி. வெரசா உண்டாகும். அது நஞ்சுக்கொடியத் தாண்டி உள்ள போயி பிள்ளையோட சிவப்பணுவ உடைக்க ஆரம்பிச்சுரும். ரத்தசோகை, மஞ்சள் காமாலை, ரொம்பப் போனா வயித்துக்குள்ளயே பிள்ளைக்கு நீர் கோத்துக்கும்.

டாக்டரம்மா எழுதின ஊசி அந்த டி-க்கு எதிரா முன்னாடியே தயார் பண்ணின ஆன்டிபாடி. உங்க மக உடம்பு தானா ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, கலந்த ரத்தத்த இது கவனிச்சுக்கும். பாப்பா படத்துல சொன்னா, ஆன்டிஜென்ல இருந்து பி செல்லுக்குப் போற அம்பு இங்க அறுந்துபோகுது. நினைவு செல் உண்டாகாது. இந்த ஆன்டிபாடியும் கொஞ்சம் பிள்ளைகிட்டப் போகும்தான், ஆனா அளவு குறைவு, அதனால பிள்ளைக்குத் தொந்தரவு வர்றதில்ல.

ஓய்வு_விலங்கியல்

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. ஒரே ஒரு திருத்தம், படிக்கிற பிள்ளைகளுக்காக. அம்பு எப்படி அறுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. கலந்த சிவப்பணுவை மண்ணீரல் விரைந்து அப்புறப்படுத்துவதால் பி செல்லுக்கு ஆன்டிஜென் கிடைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். ஆன்டிபாடி ஒட்டிய சிவப்பணு பி செல்லுக்கு "நிறுத்து" என்ற சைகையைத் தருகிறது என்பது வேறொன்று. ஊசி வேலை செய்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. பரீட்சையில் கேட்டால் முதல் விளக்கத்தை எழுதினால் போதும்.

செல்லூர்_அம்மா

ஐயா, அம்மா, ரொம்ப நன்றி. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. அந்தச் சீட்டுல இன்னொரு டெஸ்ட்டும் எழுதியிருக்கு, ஐ.சி.டி.ன்னு. அதுல நெகட்டிவ்னு வந்துருக்கு. குரூப்பும் நெகட்டிவ், இதுவும் நெகட்டிவ்னா ரெண்டு மடங்கு மோசமா? மருமகனும் ஓ நெகட்டிவ்தான்னு சொல்றாரு.

ரத்தவங்கி_அக்கா

அய்யோ இல்லம்மா, ஐ.சி.டி. நெகட்டிவ்னா நல்ல செய்தி. மக ரத்தத்துல இந்த ஆன்டிபாடி இன்னும் உண்டாகலைன்னு அர்த்தம். அதனாலதான் ஊசிக்கு வேலை இருக்கு. ஏற்கெனவே உண்டாகியிருந்தா ஐ.சி.டி. பாசிட்டிவா வந்துருக்கும், அப்ப இந்த ஊசி போட்டுப் புண்ணியமில்ல. உண்டான நினைவு செல்ல அது அழிக்காது. அந்த மாதிரி கேஸுல பிள்ளைய ஸ்கேன்ல நெருக்கமாப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. ஊசி போட்ட பிறகு வேற எங்கயாவது ஐ.சி.டி. பாத்தா லேசா பாசிட்டிவ் காட்டலாம். அது ஊசியில போன ஆன்டிபாடி. ஊசி போட்ட தேதிய சீட்டுலயே எழுதி வச்சு, டெஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட முதல்லயே சொல்லிருங்க. சொல்லாம விட்டுக் குழப்பிக்கிட்டு எங்க கவுன்ட்டர்ல அழுதவங்க இருக்காங்க.

மருமகன் நெசமாவே ஆர்.எச். நெகட்டிவ்னா பிள்ளையும் நெகட்டிவாத்தான் இருக்கும், ஊசிக்கே அவசியமில்ல. ஆனா "சொல்றாரு"ங்கிறது போதாது. லைசென்ஸ்ல எழுதினது, ஸ்கூல் கேம்ப்ல பாத்ததுன்னு தப்பான குரூப்போட திரியிறவங்கள நான் வாரத்துக்கு ஒருத்தராவது பாக்குறேன். அவருக்கு ரத்தம் எடுத்துப் புதுசா ஒரு ரிப்போர்ட் வாங்கி டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. போடணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். பிள்ள பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல குரூப் பாப்பாங்க. பாசிட்டிவா இருந்தா ரெண்டாவது ஊசி 72 மணி நேரத்துக்குள்ள. அதுல மட்டும் நாளக் கடத்தாதீங்க.

உசிலை_டியூஷன்

அக்கா போட்ட படத்துல ஒரு கேள்வி. மேக்ரோஃபேஜ்னு போடுறதா, டென்ட்ரிட்டிக் செல்லுன்னு போடுறதா? புதுசா வந்த ஆன்டிஜென டி செல்லுக்கு முதல்ல அறிமுகப்படுத்துறது டென்ட்ரிட்டிக் செல்லுதான்னு காலேஜ்ல படிக்கிற என் பழைய மாணவன் சண்டைக்கு வர்றான். பி செல்லே ஆன்டிஜென முழுங்கி டி செல்லுக்குக் காட்டும், அதனால அந்த அம்பு ரெண்டு பக்கமும் முனை வைக்கணும்னும் சொல்றான். அவன் சொல்றதும் சரியாப் படுது.

ரத்தவங்கி_அக்கா

உங்க மாணவன் சொல்றது ரெண்டுமே சரி. நான் மார்க்குக்கு எளிமையாப் போட்டேன். பாடத்துல மேக்ரோஃபேஜ் பேர்தான் அதிகம் வரும்னு ஞாபகம். நான் படிச்சது டிப்ளமோ, உங்க பாடத்திட்டம் இப்ப எப்படின்னு ஐயாதான் சொல்லணும்.

ஓய்வு_விலங்கியல்

"ஆன்டிஜெனைக் காட்டும் செல்" என்று எழுதிவிட்டால் யாரும் சண்டைக்கு வர முடியாது. மேக்ரோஃபேஜும் அதில் அடக்கம், டென்ட்ரிட்டிக் செல்லும் அடக்கம். இருமுனை அம்பைப் பற்றி நான் தயங்குகிறேன். உண்மை அதுதான். ஆனால் திருத்துகிறவர் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேப்பர் பார்க்கிறார். பழக்கமில்லாத அம்பைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தூக்கும்.

நீட்_ரிப்பீட்டர்_ஆரப்பாளையம்

எனக்கு ஒத்துவரல ஐயா. சரியானத எழுதினா மார்க் போகும்னு சொல்றது எப்படி? நான் ரெண்டு முனையும் வைப்பேன்.

செல்லூர் அம்மா, அப்ப பட்டுன்னு சொன்னதுக்கு சாரி.

திருமங்கலம்_பிளஸ்டூ

ரெண்டு படத்தையும் நோட்ல மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். அண்டசெல் படத்துக்கு மொத தடவை 11 நிமிசம், இப்ப 6 நிமிசம். விட்ட கோட்ட முதல்ல போட்டுட்டு அப்புறம் செல்லை வரைஞ்சா இடம் பத்துது. செல்லை முதல்ல வரைஞ்சா "அண்டம் விடுபடுதல்" கோடு எங்கயோ போயி இடிக்குது.

ஆன்டிபாடி படத்துல ஆன்டிஜென நடுவுல மேல வச்சு ரெண்டு அம்பும் பிரிச்சுட்டேன். காட்டும் செல்லுன்னு எழுதி அதுக்குள்ள சின்னதா மேக்ரோஃபேஜ்னு போட்டுருக்கேன். டி செல் அம்புக்கு இப்போதைக்கு ஒரு முனைதான்.

ஐயா, துருவ உடல் 2-ஆ 3-ஆன்னு கேட்டேன், அது மட்டும் சொல்லலையே.

ஓய்வு_விலங்கியல்

மறந்துவிட்டேன் அம்மா. முதல் துருவ உடல் மறுபடி பிரியலாம், பிரியாமலும் அழிந்துபோகலாம். மனிதரில் பெரும்பாலும் பிரியாமலே சிதைந்துவிடும். அதனால் நான் அதை முழுக் கோட்டில் வரைவதில்லை. முதல் துருவ உடலுக்குக் கீழே விட்ட கோட்டில் இரண்டு குட்டி வட்டம் போட்டு, பக்கத்தில் "பிரியலாம்" என்று எழுது. உன் தோழியின் நோட்டும் தப்பாகாது, என் படமும் தப்பாகாது.

உசிலை_டியூஷன்

அதுல நான் வேற மாதிரிதான் சொல்லுவேன். விடைக்குறிப்புல 3 இருந்தா விட்ட கோட்டுக்கு அரை மார்க்காவது போகும். முழுக் கோட்டுலயே போட்டுரு தங்கச்சி.

திருமங்கலம்_பிளஸ்டூ

விட்ட கோடுதான் போடப்போறேன் அண்ணே. மார்க் வந்ததும் இங்கயே வந்து சொல்றேன்.